24 டாலர் முன்னுரிமைப் பங்கும் 6.25 சதவீதமும்

கேள்வி: "அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் 25 டாலர் முகமதிப்புள்ள 6% முன்னுரிமைப் பங்கு ஒன்றை 24 டாலருக்கு வாங்கலாமா என்று கேட்கிறார். நான் சி.எம்.ஏ. படிக்கிறேன். ஈவுத்தொகையை எதிர்பார்க்கும் வருமான விகிதத்தால் வகுத்தால் மதிப்பு, விலையால் வகுத்தால் ஈல்டு என்று பாடத்தில் இருக்கிறது. அதன்படி 6.25% வருகிறது. அவ்வளவுதானா? இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, அந்த வகுத்தல் எந்த நிபந்தனைகளின்மேல் நிற்கிறது, அவற்றில் ஒன்று தவறினால் 6.25 என்ற எண் என்ன ஆகும் என்பதே என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு தரகு நிறுவனத்தின் நிலை வருமானப் பிரிவில் பல ஆண்டுகள் இந்தப் பங்குகளின் விலைப்பட்டியலோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உறுதியான பகுதி. 6% முன்னுரிமைப் பங்கு என்றால் முகமதிப்பில் 6 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 1.50 டாலர், காலாண்டுக்கு 37.5 சென்ட். சந்தை விலை எங்கே போனாலும் இந்தத் தொகை மாறாது. நிறுவனம் கொழுத்த லாபம் பார்த்தாலும் ஏறாது. பங்குக்கு முதிர்வுத் தேதி இல்லையென்றால் கையில் இருப்பது முடிவில்லாத ஒரு வருவாய்த் தொடர். பாடநூலில் இதைத்தான் பெர்பெச்சுவிட்டி என்கிறார்கள். அதற்கு ஏன் வெறும் வகுத்தல் போதும் என்பதை வைப்புநிதியை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஆண்டுக்கு 6.25% தரும் ஒரு வைப்பில் அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வட்டி 1.50 டாலராக இருக்க வேண்டும் என்றால் எவ்வளவு போட வேண்டும்? 1.50 ÷ 0.0625 = 24 டாலர். மதிப்பு என்பது அந்த அசல். ஈல்டு என்பது அதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு, 24 டாலர் அசலுக்கு 1.50 டாலர் வட்டி என்றால் விகிதம் என்ன என்று கேட்பது.

"என்றென்றும்" என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 6.25% விகிதத்தில் 24 டாலர் மதிப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் முதல் 20 ஆண்டுகளின் ஈவுத்தொகையிலிருந்தே வந்துவிடுகிறது. முதல் 50 ஆண்டுகளில் 95 சதவீதம் வந்துவிடுகிறது. ஆகவே நிறுவனம் நூறாண்டு நிலைக்குமா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் பெரிய எடை இல்லை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் பணம் தவறாமல் வருமா என்பதற்கே எடை.

எண்ணைச் சற்றுத் துல்லியமாக்க இரண்டு சிறு திருத்தங்கள் உண்டு. அமெரிக்கப் பத்திரச் சந்தையில் சேர்ந்த வட்டியை விலைக்கு மேல் தனியாகக் கணக்கிட்டு வாங்குவார்கள். முன்னுரிமைப் பங்கில் அந்தப் பழக்கம் இல்லை, சேர்ந்துகொண்டிருக்கும் ஈவுத்தொகை விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அடுத்த ஈவுத்தொகைக்கான உரிமை விலையிலிருந்து கழியும் நாளுக்கு முந்தைய நாள் 24 டாலருக்கு வாங்கினால், அதில் 37.5 சென்ட் சீக்கிரமே உங்கள் கைக்குத் திரும்பிவிடும். உண்மையான விலை 23.625, ஈல்டு 6.35%. கழிந்த மறுநாளே 24 கொடுத்து வாங்கினால் 6.25% சரி. இணையதளங்கள் இரண்டு நாள்களையும் ஒரே மாதிரி வகுத்துத்தான் காட்டுகின்றன. இரண்டாவது, பணம் காலாண்டுதோறும் வருவதால் அதை அதே விகிதத்தில் மறுமுதலீடு செய்தால் ஆண்டு விளைவு 6.40% ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி தரும் ஒன்றோடு ஒப்பிடும்போது மட்டும் இது நினைவில் இருந்தால் போதும். இரண்டு திருத்தங்களும் கால் சதவீதத்துக்கு உட்பட்டவை. இனி வருபவை அப்படியல்ல.

ஐயத்துக்குரிய முதல் இடம், விகிதத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. என்னிடம் வந்த பயிற்சியாளர்களில் பாதிப்பேர் ஒரு வேடிக்கையான வட்டத்தில் சிக்குவார்கள்: விலையிலிருந்து ஈல்டைக் கண்டுபிடிப்பார்கள், அந்த ஈல்டையே விகிதமாக வைத்து மதிப்பைக் கண்டுபிடிப்பார்கள், 24 டாலர் என்று வந்ததும் "சந்தை சரியான விலையில்தான் இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். எதை உள்ளே போட்டோமோ அதுதானே வெளியே வரும். மதிப்பிட வேண்டுமென்றால் விகிதம் அந்தப் பங்கின் விலைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். நான் செய்வது இது: அதே நிறுவனத்தின் நீண்டகாலக் கடன் பத்திரம் என்ன ஈல்டில் விற்கிறது என்று பார்ப்பேன், கடன்காரருக்குப் பின்னால் வரிசையில் நிற்பதற்காகவும் முதிர்வு இல்லாததற்காகவும் அதற்குமேல் எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று முடிவு செய்வேன், ஒத்த தரமுள்ள வேறு நான்கைந்து முன்னுரிமைப் பங்குகளின் ஈல்டோடு சரிபார்ப்பேன். அந்தக் கூடுதல் ஒரு சதவீதமா ஒன்றரையா என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஆனால் அந்த அரை சதவீதம் சின்ன விஷயமும் கிடையாது: 6.25 என்று வைத்தால் 24 டாலர், 6.75 என்று வைத்தால் 22.22. ஒரு முழு சதவீதம் ஏறி 7.25 ஆனால் 20.69, ஏறக்குறைய இரண்டேகால் ஆண்டு ஈவுத்தொகை விலையில் போய்விடுகிறது. முதிர்வு இல்லாததால், "காத்திருந்தால் முகமதிப்பு வந்துவிடும்" என்ற ஆறுதலும் இங்கே இல்லை. இத்தகைய பங்கின் மதிப்பைச் சென்ட் வரைக்கும் எழுதுபவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒரு வரம்பைச் சொல்வதே நேர்மை.

அடுத்தது ஈவுத்தொகை நின்றுபோகும் ஆபத்து. இதற்கு உங்கள் எண்களோடு அப்படியே பொருந்தும் ஒரு பங்கு உண்டு. கலிஃபோர்னியாவின் மின்சார, எரிவாயு நிறுவனமான பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக்கின் 6% முன்னுரிமைப் பங்குக்கு முகமதிப்பு 25 டாலர், ஈவுத்தொகை 1.50. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. பெர்பெச்சுவிட்டிக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டைச் சந்தையில் தேடுவது கடினம். ஒழுங்குமுறை ஆணையத்தின்கீழ் இயங்கும் மின் நிறுவனம் என்பதால், ஓய்வுபெற்றோர் வைப்புநிதிபோல் வைத்துக்கொள்ளும் பங்கு என்ற பெயரும் அதற்கு இருந்தது. 2017 அக்டோபரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியது. இழப்பீட்டுப் பொறுப்பு எவ்வளவு வரும் என்று தெரியாத நிலையில், அந்த டிசம்பரில் சாதாரணப் பங்குக்கும் முன்னுரிமைப் பங்குக்கும் சேர்த்தே ஈவுத்தொகையை நிறுவனம் நிறுத்தியது. 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது, 2020 ஜூலையில் அதிலிருந்து வெளியே வந்தது. நின்றுபோன முன்னுரிமை ஈவுத்தொகை நிலுவை 2022 மே மாதம்தான் மொத்தமாகக் கொடுக்கப்பட்டது.

அந்த நான்கு ஆண்டுகளிலும் பல இணையதளங்கள் செய்யக்கூடிய கணக்கு 1.50 ÷ விலை என்பதே. விலை 18 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட விலை), 8.33% என்று திரையில் மின்னும். கைக்கு வருவதோ ஒரு சென்ட்கூட இல்லை. இந்த ஏமாற்றம் எல்லோருக்கும் புரியும். புரியாமல் போவது இதற்கு நேர்மாறான தவறு. இந்தப் பங்கு நிலுவை சேரும் வகையைச் சேர்ந்தது. கொடுக்காத ஈவுத்தொகை கணக்கில் குவிந்துகொண்டே இருக்கும், அதைத் தீர்க்காமல் சாதாரணப் பங்குதாரருக்கு எதையும் கொடுக்க முடியாது. அந்த நிலுவை, அது கொடுக்கப்படும்போது பங்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே போகும். பன்னிரண்டு காலாண்டு நின்றுபோன நிலையில் ஒருவர் 20 டாலருக்கு வாங்குகிறார் என்றால், அந்த 20 டாலரில் 4.50 டாலர் நிலுவைக்கான உரிமையும் அடங்கியிருக்கிறது. நிலுவை முழுதாக, விரைவில் வந்துவிடும் என்று நம்புபவருக்குத் தொடரின் விலை 15.50 மட்டுமே, ஈல்டு 9.68%. நிலுவை வரவே வராது என்று நினைப்பவருக்கு 7.5%. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே என்பதை வழக்கு, ஆணையத்தின் முடிவு, கடன் ஏற்பாடு ஆகியவைதான் தீர்மானிக்கும், கணக்குப்பொறி அல்ல.

நிலுவை வந்துவிட்டால் இழப்பே இல்லையா என்றால், உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. பதினேழு காலாண்டுகளுக்குப் பங்கு ஒன்றுக்கு 6.375 டாலர் சேர்ந்தது. அதற்கு வட்டி கிடையாது. அதே தொகைகள் உரிய நாள்களில் கிடைத்து 6% விகிதத்தில் வளர்ந்திருந்தால் ஏறக்குறைய 7.20 ஆகியிருக்கும். தாமதத்தின் விலை ஒரு பங்குக்கு 83 சென்ட். பயந்து பாதி வழியில் விற்றவர்கள் இழந்தது இதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். இதே கதை ஒரு பெரிய அமெரிக்க வங்கியின் முன்னுரிமைப் பங்கில் நடந்திருந்தால் முடிவு வேறு. வங்கிகள் இப்பங்குகளை மூலதன விதிகளுக்காக வெளியிடுவதால் அவை பெரும்பாலும் நிலுவை சேராத வகை. அங்கே அந்த 6.375 டாலர் போனது போனதுதான். ஒரே 6.25% என்று திரையில் தெரியும் இரு பங்குகளை ஒன்றாக எண்ணக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

மூன்றாவது, தொடர் இடையில் முடிந்துபோவது. இன்று விற்பனையில் இருக்கும் பெரும்பாலான 25 டாலர் முன்னுரிமைப் பங்குகளில், வெளியிட்டு ஐந்தாண்டு ஆனதும் முகமதிப்பைக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. இது ஒருவழிப் பாதை. வட்டி விகிதம் ஏறினால் நிறுவனம் அசையாது, விலை இறங்கும் இழப்பு முழுவதும் உங்களுடையது. வட்டி விகிதம் இறங்கினால் பழைய பங்கை 25 டாலருக்கு வாங்கிக்கொண்டு மலிவாகப் புதிதாக வெளியிடும். மேலே சொன்ன அதே கலிஃபோர்னிய நிறுவனத்திலேயே இதைப் பார்க்கலாம். அங்கே 5% பங்கு ஒன்று உண்டு, அதை நிறுவனம் 26.75 டாலர் கொடுத்துத் திரும்பப் பெறலாம். சந்தை 4.5% ஈல்டே போதும் என்று இருக்கும் காலத்தில் திரும்பப் பெற முடியாத 6% பங்கு 33.33 வரை ஏற இடம் உண்டு. 5% பங்குக்கு அதே சூத்திரம் 27.78 என்று சொல்லும், ஆனால் 26.75 கொடுத்து எந்த நேரமும் பறித்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு அறிந்தவர் எவரும் அந்த விலை கொடுக்க மாட்டார். சூத்திரம் சொல்லும் மதிப்புக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது, ஆனால் சூத்திரத்துக்கு அது தெரியாது.

இதில் நான் ஒரு வாடிக்கையாளரின் பணத்தோடு பாடம் கற்றேன். ஆண்டுக்கு 1.625 டாலர் தரும் 6.5% பங்கு ஒன்று 26.90-க்கு விற்றுக்கொண்டிருந்தது. 6.04% என்று வகுத்துச் சொன்னேன், வாங்கினார். மீட்பு உரிமை தொடங்கும் தேதி ஏற்கெனவே கடந்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஐந்தாம் மாதம் மீட்பு அறிவிப்பு வந்தது. இரண்டு ஈவுத்தொகையாக 81 சென்ட், மீட்புத் தொகையாக 25 டாலர், பங்குக்கு 1.09 டாலர் நட்டம். அவர் என்னைத் திட்டவில்லை, "ஆறு சதவீதம் என்றீர்களே" என்று மட்டும் கேட்டார். அதன்பின் முகமதிப்புக்கு மேல் விற்கும் எந்தப் பங்குக்கும் நான் இரண்டு எண்களைக் கணக்கிட்டு வந்தேன்: தொடர் முடியாது என்று வைத்து ஒரு ஈல்டு, நிறுவனத்தால் மீட்க முடிந்த முதல் நாளிலேயே மீட்டுவிடும் என்று வைத்து இன்னொரு ஈல்டு. இரண்டில் குறைந்ததே நம்பத்தக்கது. உங்கள் அண்ணன் 24-க்கு, அதாவது முகமதிப்புக்குக் கீழே வாங்குவதால், மீட்பு நடந்தால் அவருக்கு ஒரு டாலர் லாபம்தான். ஈவுத்தொகை தவறாமல் வரும்வரை அந்த விலையில் 6.25% குறைந்தபட்ச எண்ணாக நிற்கும். 24 என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது இப்படி முக்கியமாகிறது.

"மீட்க முடியாதது" என்று பெயரிலேயே இருந்தாலும் ஆவணத்தைப் படிக்க வேண்டியிருக்கும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சான்று உண்டு. அவிவா காப்பீட்டு நிறுவனத்தின் 8¾% முன்னுரிமைப் பங்கு ஒரு பவுண்டு முகமதிப்புள்ளதாக இருந்தது, ஆண்டுக்கு 8.75 பென்ஸ் தந்தது. வட்டி விகிதம் குறைந்திருந்த காலத்தில் 5.25% ஈல்டு போதும் என்று கொண்டால் பெர்பெச்சுவிட்டிக் கணக்கில் அதன் மதிப்பு ஏறத்தாழ 167 பென்ஸ். சந்தையும் முகமதிப்புக்கு வெகு மேலேதான் வைத்திருந்தது. 2018 மார்ச் 8 அன்று, மூலதனக் குறைப்பு என்ற சட்ட வழியில் இப்பங்குகளை முகமதிப்புக்கே ரத்து செய்ய முடியும், அதைப் பரிசீலிக்கிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. மூலதனக் குறைப்பும் மீட்பும் சட்டத்தில் வேறு வேறு என்பதே அதன் வாதம். விலை சரிந்தது, முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், மார்ச் 23 அன்று அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக நிறுவனம் சொன்னது. இடைப்பட்ட நாள்களில் நட்டத்துக்கு விற்றவர்களுக்குப் பின்னர் நல்லெண்ணத் தொகையும் அறிவித்தது. ஒரே நாளில் மாறியது ஈவுத்தொகையும் அல்ல, வட்டி விகிதமும் அல்ல. தொடர் முடியாது என்ற அனுமானம் மட்டுமே. முகமதிப்பைவிட எவ்வளவு மேலே விலை இருக்கிறதோ அவ்வளவும் அந்த ஒற்றை அனுமானத்துக்குக் கொடுக்கும் விலை என்பதை அன்று பலர் பார்த்தார்கள்.

நீங்கள் சி.எம்.ஏ. படிப்பதால் இன்னொன்று. பாடநூல் கணக்குகளில் மீட்பில்லாத முன்னுரிமைப் பங்கு என்று வரும். இந்தியாவில் இன்று ஒரு நிறுவனம் அப்படி ஒன்றை வெளியிட முடியாது. 2013 நிறுவனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கான விலக்கு தவிர, 20 ஆண்டுகளுக்குள் மீட்டாக வேண்டும். அப்படியானால் இங்கே பெர்பெச்சுவிட்டிக் கணக்கு பயனற்றதா? விலை முகமதிப்புக்கு அருகில் இருந்தால் பெரிய பிழை வராது. உங்கள் அண்ணனின் பங்கே 20 ஆண்டில் 25 டாலருக்கு மீட்கப்படும் ஒன்றாக இருந்தால், 6.25% விகிதத்தில் அதன் மதிப்பு 24.30, வகுத்தல் சொன்ன 24-க்கும் இதற்கும் 30 சென்ட்தான் வித்தியாசம். ஆனால் அதே பங்குக்கு 10% வேண்டும் என்று சந்தை கேட்கும் நிலையில், வகுத்தல் 15 என்று சொல்லும், 20 ஆண்டு மீட்பைச் சேர்த்த கணக்கு 16.49 என்று சொல்லும். ஒன்பது சதவீதப் பிழை அது. தேர்வில் எந்தக் கணக்கைப் போடுவது என்பதற்கு வினாவில் மீட்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணனுக்குப் பதில் சொல்லும் முன் வெளியீட்டு ஆவணத்தில் மீட்பு விலை, மீட்பு தொடங்கும் தேதி, நிலுவை சேருமா சேராதா என்ற மூன்றையும் படித்துவிட்டு 6.25-ஐச் சொல்லுங்கள்.